இந்தப் பத்தில் எது எங்களுடையது?

அண்ணியின் கடையில் ஒரே ஒரு வார்த்தைக்குத் தடை உண்டு. கெட்ட வார்த்தைக்கு இல்லை. அதை நான் நாளுக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவேன், அண்ணி கண்டுகொள்ள மாட்டார். ‘செயற்கை’ என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் கையிலிருக்கும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். அதற்கு நாலு அறை வாங்கிவிட்டுப் போகலாம்.

அண்ணி விரல் செய்கிறவர். விபத்திலோ நோயிலோ விரல் இழந்தவர்களுக்கு, மிச்சமிருக்கும் விரல்களைப் பார்த்து, அதே நிறத்தில், அதே சுருக்கத்தில், அதே நகத்தோடு சிலிகானில் ஒரு விரல். அச்சு எடுத்து, மெழுகில் வடித்து, அந்த மெழுகைச் சுற்றி இன்னோர் அச்சு ஊற்றி, அதற்குள் நிறம் கலந்த சிலிகானை ஏடு ஏடாக அடைத்து, அடுப்பில் வேகவைத்து எடுக்க வேண்டும். எழுத ஒரு வரிதான். செய்ய மூன்று வாரம் ஆகும். பச்சை நரம்பு ஒன்றை வரைய மட்டுமே அண்ணி அரை நாள் எடுத்துக்கொள்வார். வெந்த விரலை உறை மாதிரி மாட்டிக்கொள்ளலாம், கழற்றலாம், கழுவலாம்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. இரண்டு அறை. முன்னறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வடக்குப் பார்த்த ஜன்னல். நிறம் பார்க்க அந்த வெளிச்சம்தான் வேண்டும். பின்னறையில் அடுப்பும் அச்சுகளும். முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பது, படம் பிடிப்பது, சமூக வலைத்தளத்தில் கடைக்கென்று இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் நான். அண்ணனின் தங்கை, அதாவது நாத்தனார். நாத்தனாரும் அண்ணியும் ஒன்பது வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்கிறோம், இன்னும் ஒருவர் மண்டையை ஒருவர் உடைக்கவில்லை. இதற்கே எங்களுக்கு விருது கொடுக்கலாம்.

அண்ணிக்கே இடது கையில் மோதிர விரல் இல்லை. இருபத்து நாலு வயதில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டும் இயந்திரம் கொண்டு போய்விட்டது. அன்று கிடைத்த விரல் ரப்பர் பொம்மையின் விரல் மாதிரி ரோஸ் நிறத்தில் இருந்ததாம். அதைக் கொடுத்தவன், "இதுக்கு மேல செயற்கைல என்னம்மா எதிர்பார்க்கறே?" என்றானாம். அன்றைக்கு அந்த வார்த்தை மேல் வந்த வெறுப்பு. அந்தக் கோபத்திலேயே தொழில் படித்து, தன் விரலைத் தானே செய்துகொண்டார். அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவை கூட. குளியலறைக்குப் போகும்போது அதோடு போவார், அதோடு வருவார்.

கடைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வருகிறவர்களிடம் பெயர் கேட்க மாட்டோம். விரல் இல்லாத கையைச் சால்வைக்குள்ளும் பைக்குள்ளும் மறைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் பெயர் சொல்வதே ஒரு பாரம். பாதிப்பேர் பக்கத்தின் செய்திப் பெட்டியில் ஏதாவது புனைபெயரில் எழுதுவார்கள். அந்தப் பெயரே எங்களுக்குப் போதும். பெரிய மரியாதை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த மரியாதைதான் எங்கள் கழுத்தைப் பிடித்தது.

ஐந்தாம் தேதி காலை பத்து மணிக்குப் பக்கத்தைத் திறந்தேன். பக்கம் இல்லை. ‘உங்கள் பக்கம் முடக்கப்பட்டுள்ளது. மனித உடல் உறுப்புகளை விற்கவோ வாங்கவோ எங்கள் தளத்தில் அனுமதியில்லை. நூற்றெண்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யாவிட்டால் பக்கம் நிரந்தரமாக நீக்கப்படும்.’

"அண்ணி! நாம மனுஷ விரல் விக்கறோமாம்!"

பின்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "அவ்ளோ நல்லாவா இருக்கு?"

எனக்கும் சிரிப்பு வந்தது. கீழே படித்ததும் நின்றுவிட்டது. மூன்று பதிவுகளைக் காரணம் காட்டியிருந்தார்கள். ‘உங்களுக்கு விரல் வேண்டுமா? உங்கள் நிறத்திலேயே, நகத்தோடு தருகிறோம்’ என்று ஒன்று. ‘கட்டை விரல் ஒன்று தயார்’ என்று ஒன்று. மூன்றாவது நான் மிகவும் பெருமைப்பட்டுக்கொண்ட பதிவு. ஒரு வாடிக்கையாளரின் இரண்டு கைகளையும் மேசையில் விரித்துவைத்துப் படமெடுத்து, ‘இந்தப் பத்தில் எது எங்களுடையது?’ என்று போட்டி வைத்திருந்தேன். முன்னூறு பேர் பதில் எழுதினார்கள், ஏழு பேர்தான் சரியாகச் சொன்னார்கள். அந்தத் தளத்தின் இயந்திரத்துக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

எதிலும் அந்த வார்த்தை இல்லை. எப்படி இருக்கும்? கடையிலேயே தடையாயிற்றே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. முதல் இரண்டு பதிவுகளுக்கு ஏற்கெனவே எச்சரிக்கை வந்திருந்தது. விளம்பரம் என்று நினைத்து விரலால் தள்ளிவிட்டிருந்தேன். அண்ணியிடம் சொல்லவில்லை.

"சரி விடு, புதுசா ஒரு பக்கம் ஆரம்பிச்சுக்கலாம்" என்றார் அண்ணி.

"மழைத்துளி?" என்றேன்.

அண்ணியின் கை நின்றது. மழைத்துளி என்பது பெட்டியில் எழுதும் ஒரு பெண்ணின் புனைபெயர். ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் எங்கோ இருக்கிறாள். வலது கையில் ஆள்காட்டி விரல் இல்லை. தன் கையின் அச்சை அட்டைப்பெட்டியில் வைத்துக் கூரியரில் அனுப்பியிருந்தாள். அனுப்பியவர் இடத்தில் ஊர் பெயர் படிக்க முடியாதபடி கலைந்த கூரியர் முத்திரை மட்டும்தான். அந்த விரல் முடிந்து, இழுப்பறையில் பஞ்சுக்குள் படுத்திருந்தது. ஒரு தடவை நேரில் மாட்டிப் பார்த்து நிறம் ஒத்துப் பார்த்தால் போதும். அடுத்த மாதம் முதல் தேதி ஒரு வங்கியில் வரவேற்பு மேசையில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். அதற்குள் வேண்டும் என்று கேட்டிருந்தாள். அவள் எழுதியதில் ஒன்று எங்கள் இருவருக்குமே மனப்பாடம்: ‘இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் அச்சு வாங்கிட்டு அப்புறம் பதிலே சொல்லல. நீங்க அப்படிப் போயிட மாட்டீங்கல்ல?’ அண்ணி என் கையிலிருந்து போனை வாங்கித் தானே பதில் அடித்தார். ‘போக மாட்டோம்.’

இப்போது போய்விட்டோம். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் கடையும் இல்லை, பெட்டியும் இல்லை. நாங்கள் தேட வேண்டுமென்றால் அவள் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. மழைத்துளி என்ற பெயரில் அந்தத் தளத்தில் நூறு பேர் இருந்தார்கள். படமில்லாதவர்களே நாற்பது பேர். எந்த மழையில் எந்தத் துளியென்று தேடுவது?

அன்றே மேல்முறையீடு எழுதினேன். போனுக்கு வந்த குறியீட்டை அடித்து, நான் நான்தான் என்று நிரூபித்ததும் ஒரு கட்டம் திறந்தது. ஆயிரம் எழுத்து, மூன்று படம். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? ‘கண்ணில்லையா உங்களுக்கு’ என்று ஆரம்பித்தேன். அண்ணி பட்ட கஷ்டம், எத்தனை பேர் எங்களை வாழ்த்துகிறார்கள், ஏழைகள் வயிற்றில் அடிக்காதீர்கள் என்றெல்லாம் ஆயிரம் எழுத்தும் தீரும்வரை கொட்டினேன். படத்துக்கு, எங்களிடம் இருப்பதிலேயே உயிரோடு இருக்கிற மாதிரியான மூன்று விரல்களைத் தேர்ந்தெடுத்தோம். அண்ணியே தேர்ந்தெடுத்தார். நல்ல வேலையைக் காட்டினால்தானே மதிப்பார்கள்?

பதினான்காம் தேதி பதில் வந்தது. ‘மறுபடி பரிசீலித்தோம். முடிவில் மாற்றமில்லை. நீங்கள் இன்னும் ஒரு முறை மட்டும் கோரலாம். அதுவே இறுதியானது.’

அந்த ஒன்பது நாளும் போன் அடித்தபோதெல்லாம் பாய்ந்து எடுத்தேன். எங்கள் எண் மழைத்துளியிடம் இருந்தது. கூரியர் பெட்டியின் மேல் அவளே எழுதியிருந்த எண். கூப்பிட்டால் ஒரு நொடியில் தீர்ந்துபோகும். அவள் கூப்பிடவில்லை. சிலிகான் விற்கிறவர் கூப்பிட்டார், மின்கட்டணக்காரர் கூப்பிட்டார், தப்பு எண்ணில் ஒருவர் மீன் தொட்டி கேட்டார். அவரிடம் நான் பேசிய பேச்சுக்கு இந்நேரம் மீன் வளர்ப்பதையே விட்டிருப்பார்.

எங்கள் கடைக்கு மேல்மாடியில் ஜெராக்ஸ்காரர் இருக்கிறார். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போன்ற ஆள். நகலெடுக்கப் போனபோது புலம்பினேன். அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"நான் அந்த வேலைல ரெண்டு வருஷம் இருந்தேன்" என்றார்.

"எந்த வேலைல?"

"இந்த மாதிரித் தளத்துக்குக் கான்ட்ராக்ட்ல. தப்பான படம்னு வர்றதையெல்லாம் பார்த்துப் பார்த்து, எடுக்கணுமா விடணுமான்னு அமுக்கற வேலை. வாழ்க்கைல பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்தாச்சு. அதான் இப்போ ஜெராக்ஸ்." என் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏங்க, இது மேல்முறையீடா, சாபமா?"

"உண்மையைத்தானே எழுதியிருக்கேன்."

"ஒரு கேஸுக்கு ஒரு நிமிஷம் கூடக் கிடைக்காது. உங்க கண்ணீரைப் படிக்க அவனுக்கு நேரமில்லை. எந்தப் பதிவு, எந்த விதி, அந்த விதி இதுக்கு ஏன் பொருந்தாது, அதுக்கு என்ன ஆதாரம். அவ்ளோதான் பார்ப்பான். பொருள் செயற்கைன்னு எங்கேயாவது ஒரு இடத்துல எழுதியிருக்கீங்களா?"

"அது வந்து... கடைல அந்த வார்த்தையை..."

"சரி, படமாவது?"

படத்தைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "நானா இருந்தாலும் எடுத்துடுன்னு அமுக்கியிருப்பேன்" என்றார். "இவ்ளோ நல்லா இருக்கறதை அனுப்பி, இது உண்மை இல்லைன்னா யார் நம்புவா? மாட்டறதும் கழட்டறதும் தெரியணும். டாக்டர் கடிதம், கடை உரிமம் ரெண்டையும் ஒரே படமா எடுத்து வைங்க. கடைசி வாய்ப்பு, பார்த்துக்கோங்க."

கீழே வந்து அண்ணியிடம் சொன்னேன். பாதியிலேயே முகம் மாறிவிட்டது.

"அந்த வார்த்தையை எழுத மாட்டேன்."

"கடிதத்துலதானே அண்ணி? வாடிக்கையாளர் யாரும் படிக்கப் போறதில்லை."

"பொம்மை வேலைன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா? இருபது வருஷமா இதுக்காகவா கண்ணைக் கெடுத்துக்கிட்டேன்?"

"உங்க கௌரவத்துக்காக விரலுக்குக் காத்திருக்கற அத்தனை பேரையும் நடுத்தெருவுல விட்டாச்சு, தெரியுமா?" என்று கத்தினேன். சொல்லியிருக்கக் கூடாது.

"எச்சரிக்கை வந்ததை மறைச்சது யாரு?" என்றார் அண்ணி மெதுவாக.

அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகவோ தெரிந்திருக்கிறது, கேட்காமல் இருந்திருக்கிறார். அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. அண்ணி பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. நான் மட்டும் ஆஸ்பத்திரிக்கு அலைந்து, எங்களிடம் ஆட்களை அனுப்பும் எலும்பு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்தேன்.

பத்தொன்பதாம் தேதி பகல் பதினொரு மணி. மழைத்துளியின் விரலை அண்ணி இழுப்பறையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி பஞ்சுக்குள் வைத்தார். "போனை எடுத்துட்டு வா" என்றார்.

வந்தேன். அண்ணி இடது கையை மேசைமேல் விரித்து வைத்தார். பக்கத்தில் கடைப் பெயரும் தேதியும் எழுதிய காகிதம்.

"எடு."

ஒரு படம் எடுத்தேன். ஐந்து விரல், எல்லாம் அண்ணியுடையவை என்றுதான் யாரும் சொல்வார்கள்.

பிறகு வலது கையால் மோதிர விரலைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே இருந்தார். "அண்ணி, வேண்டாம். வேற யாரோட கையாவது..." என்றேன்.

"வேற யாரைக் கேப்பே? வந்து எல்லார் முன்னாடியும் கழட்டுன்னு யார்கிட்டே கேப்பே?"

மெதுவாகத் திருகி இழுத்தார். பாதி வந்ததும் நிறுத்தி, "எடுடி" என்றார். எடுத்தேன். முழுக்கக் கழற்றி, கையுறையைப் புரட்டுவது போல ஓரத்தைப் புரட்டிக் காட்டினார். உள்ளே வெளுப்பாக, வழவழவென்று, வெறும் கூடு. அதைக் கையருகே வைத்தார். விரல் இருந்த இடத்தில் சின்ன மேடு, குறுக்கே பழைய தையல் தழும்பு. அவ்வளவுதான் இருந்தது. ஒன்பது வருஷமாக ஏதோ பயங்கரம் இருக்கிறதென்று நினைத்திருந்தேன்.

அழுதுகொண்டே எடுத்ததில் படம் கலங்கிவிட்டது. "ஒழுங்கா எடு வாயாடி, கடைசி வாய்ப்பு" என்றார். மறுபடி எடுத்தேன்.

"இந்தத் தழும்பைப் பார்த்துட்டு, ரத்தம் காயம்னு இதையும் தள்ளிட்டா?" எனக்கு நிஜமாகவே பயம்.

"தள்ளட்டும். தள்ளறது மட்டும்தானே அவங்களால முடியும்."

முதல் இரண்டு படங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு படம், புரட்டிய விரலோடு இருப்பது இன்னொன்று, டாக்டர் கடிதமும் உரிமமும் மூன்றாவது. கடிதத்தை அண்ணி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அந்த வார்த்தை வரும் இடத்தில் தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்.

‘நீங்கள் குறிப்பிட்ட மூன்று பதிவுகளும் மனித உடல் உறுப்பு விற்பனை பற்றிய விதியின்கீழ் நீக்கப்பட்டுள்ளன. அந்த விதி இவற்றுக்குப் பொருந்தாது. மூன்றிலும் இருப்பவை சிலிகானில் செய்த செயற்கை விரல்கள். விரல் இழந்தவர்கள் மாட்டிக்கொள்வதற்கானவை. முதல் படத்தில் மாட்டிய நிலையும் பாதி கழற்றிய நிலையும் உள்ளன. இரண்டாம் படத்தில் முழுக்கக் கழற்றி, உட்புறம் தெரியும்படி வைத்துள்ளோம். அதில் தெரியும் கை என்னுடையது. காயம் இருபது ஆண்டுக்கு முன்பு ஆறியது. மூன்றாம் படத்தில் மருத்துவர் கடிதமும் தொழில் உரிமமும் உள்ளன. பதிவுகளில் செயற்கை என்று எழுதாதது எங்கள் தவறு, இனி எழுதுவோம். இதை ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.’

ஜெராக்ஸ்காரர் கடிதத்தின் அடியில் அதையே ஆங்கிலத்திலும் சுருக்கிச் சேர்த்துக் கொடுத்தார். இரண்டும் ஆயிரம் எழுத்துக்குள் அடங்க ‘கேட்டுக்கொள்கிறோம்’ வரைக்கும் ஒவ்வொரு சொல்லாக எண்ணி வெட்டினோம். அனுப்பு என்பதை அண்ணியே அமுக்கினார், விரல் மாட்டாத கையால்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் நரகம். இருபத்து மூன்று வந்தது, இருபத்தைந்து வந்தது. முதல் தேதி நெருங்க நெருங்க இழுப்பறையைத் திறக்கவே எங்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் இந்நேரம் மூன்றாவது ஏமாற்றுக்காரர்கள் கணக்கில் எங்களைச் சேர்த்திருப்பாள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி சாப்பிடுகிற மாதிரி நடித்தார்.

இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் போன் ‘டிங்’ என்றது. ‘எங்கள் முடிவு தவறானது. உங்கள் பக்கமும் மூன்று பதிவுகளும் மீண்டும் வெளியிடப்பட்டுள்ளன.’ வருத்தம் தெரிவித்து ஒரு சொல் கூட இல்லை. எங்கள் இருபத்து மூன்று நாள் அவர்களுக்கு இரண்டு வரி.

திட்ட நேரமில்லை. பெட்டியைத் திறந்தேன். மழைத்துளி மேலேயே இருந்தாள். கடைசியாக வந்த செய்தி நான்காம் தேதி இரவு பதினொன்றரைக்கு. நாங்கள் படிக்காமலே போனது. ‘ரெடின்னா நாளைக்கே வரட்டுமா? டிக்கெட் பார்த்துட்டேன்.’

அண்ணி போனை வாங்கினார். என்ன எழுதுவதென்று தெரியாமல் அடித்து அடித்து அழித்தார். கடைசியில் அந்த இரண்டாம் படத்தை, கூட்டைப் பக்கத்தில் வைத்த வெறும் கையை, அனுப்பினார். கீழே, ‘பக்கத்தை முடக்கியிருந்தாங்க. நாங்க எங்கேயும் போகல. உங்க விரல் ரெடி. வாங்க’ என்று எழுதினார்.

பார்த்துவிட்டதற்கான அடையாளம் உடனே வந்தது. பதில் வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

முப்பதாம் தேதி காலை கதவைத் திறக்கும்போதே வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் பயணப் பை, வலது கை துப்பட்டாவுக்குள். ராத்திரி பஸ்ஸில் தூங்காத முகம்.

"படத்துல இருந்த கை..." என்றாள்.

அண்ணி வாசலுக்கே வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார வைத்து, எதிரில் உட்கார்ந்து, தன் மோதிர விரலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதற்கப்புறம்தான் அந்தப் பெண்ணின் கை துப்பட்டாவுக்குள்ளிருந்து வெளியே வந்தது.

அரை மணி நேரம் ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தார்கள். கணு அருகே கொஞ்சம் சிவப்புக் குறைவு. அண்ணி தொட்டுச் சரிசெய்து, அரை மணி அடுப்பில் வைத்து எடுத்து மாட்டினார். அவள் கையை மூடித் திறந்தாள். மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. "எங்க நம்பர் இருந்துச்சே, ஒரு போன் பண்ணியிருக்கலாமே? நாங்க செத்துப் பிழைச்சோம் தெரியுமா?"

"பண்ணலாம்னு தினமும் எடுத்தேங்க" என்றாள். "நம்பர் உபயோகத்துல இல்லைன்னு சொல்லிட்டா? ஏமாந்துட்டேன்னு மூணாவது தடவை காதால கேக்கத் தெம்பு இல்லை. கேக்காம இருந்தா, ஒருவேளை ஏமாத்தலையோன்னு நினைச்சுக்கலாமில்ல?"

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார், விரல் மாட்டாத கையால். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாசல்வரை போனவள் நின்றாள். திரும்பி வந்து, நாங்கள் கேட்காமலே, தன் பெயரைச் சொன்னாள். முழுப் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம். அண்ணி அதைத் திருப்பி ஒரு முறை சொல்லிப் பார்த்தார். நல்ல பெயர். இங்கே எழுத மாட்டேன். கடை வழக்கம்.